பட்டறை முடிந்து வந்து நிர்வாகத்துக்கு எழுதும் அறிக்கை: ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பயிற்சிக்குப் போய்விட்டு வரும் டீச்சர்கள் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வருவது வழக்கமாகிவிட்டது. கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் அவற்றைக் கேட்டபடியே எழுதி, தெரிந்த பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். உதாரணத்துக்கு எடுத்திருப்பது என் சொந்த அறிக்கை. ஜூலை முதல் வாரத்தில் கணக்கு கற்பிப்பது பற்றி இரண்டு நாள் பட்டறை நடந்தது, அதற்குப் பிறகு எழுதியது.

சர்டிபிகேட் காப்பி கொடுத்தாச்சுங்க. அப்புறம் அறிக்கை எதுக்கு?

நீங்கள் போய் வந்ததற்குச் சர்டிபிகேட் சாட்சி. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சிக் கணக்கு காட்ட வேண்டியிருப்பதால் அந்தக் காகிதத்துக்கு அங்கே வேலை இருக்கிறது. அறிக்கையின் வேலை வேறு. நாளை முதல் உங்கள் வகுப்பில் எது மாறப்போகிறது, அதற்கு நிர்வாகம் எதைக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்ல வேண்டும்.

முதன்முதலில் நான் எழுதியது ஏழு பக்கம். அப்போது வேறு பள்ளியில் இருந்தேன். அங்கிருந்த தாளாளர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் டீச்சர், இதுல நான் செய்ய வேண்டியது என்னங்?" என்று கேட்டார். ஏழு பக்கத்திலும் அதற்கு ஒரு வரி இல்லை.

தாளாளருக்கு எழுதணுமா, ஹெச்.எம்.முக்கு எழுதணுமா?

பெறுநர் தாளாளர், வழி தலைமையாசிரியர் அல்லது முதல்வர். தாளாளர் பெயருக்கு எழுதினாலும் முதலில் படிப்பவர் தலைமையாசிரியர்தான். கால அட்டவணை அவர் கையில், பணம் தாளாளர் கையில். நீங்கள் கேட்பது எது யார் கையில் இருக்கிறது என்று பார்த்துப் பிரித்து எழுதுங்கள்.

அரசுப் பள்ளி என்றால் பொருள் தேவை பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போகும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்காவது பெற்றோர் இருக்க வேண்டும். அவர்கள் முன்னால் வாசிக்கப்படும் காகிதம் என்பதை நினைவில் வைத்து மொழியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை பக்கம்? எப்பக் கொடுக்கணும்?

இரண்டு பக்கம். ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஆனால் மறுநாளே கொடுக்க வேண்டாம். நடுவில் இரண்டு மூன்று நாள் உங்களுக்குத் தேவைப்படும். ஏன் என்பது இன்னும் இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

ரெண்டு நாளும் என்னென்ன நடந்ததுன்னு வரிசையா எழுத வேண்டாமா?

வேண்டாம். பட்டறையின் பெயர், நாள், இடம், மொத்தம் எத்தனை மணி நேரம், எதைப் பற்றி என்று நான்கு வரி போதும். குத்துவிளக்கு ஏற்றியவர், வரவேற்புரை, மதியச் சாப்பாடு எல்லாம் அழைப்பிதழிலேயே இருக்கிறது, அதைப் பின்னால் இணைத்துவிடலாம்.

கற்றுக்கொண்டதிலும் எல்லாவற்றையும் எழுதாதீர்கள். நான் போன பட்டறையில் பெருக்கல், பின்னம், விளையாட்டு என்று பலதும் காட்டினார்கள். என் வகுப்புக்கு அந்த வாரம் உடனே தேவைப்பட்டது ஒன்றுதான்: கடன் வாங்கிக் கழித்தல். அறிக்கை முழுக்க அதைப் பற்றியே எழுதினேன்.

'செயல்வழிக் கற்றலை மேற்கொள்வேன்'னு எழுதினேன், திருப்பி அனுப்பிட்டாங்க. வேற என்னதான் எழுதுறது?

அந்த வரியை எந்த வகுப்புக்கும், எந்தப் பாடத்துக்கும், எந்த வருஷத்துக்கும் எழுதலாம். திருப்பி அனுப்பியதில் தப்பில்லை. உங்கள் வகுப்பு நோட்டில் கண்ட ஒரு பிழையிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மூன்று நாள் வேண்டும் என்றேனே, இதற்குத்தான்.

பட்டறையிலிருந்து வந்த திங்கட்கிழமை 38 பிள்ளைகளுக்கும் நாலே கணக்குகள் கொடுத்தேன். 47 − 23, 52 − 38, 340 − 126, 502 − 178. முதலாவதில் கடன் வாங்கவே வேண்டாம். இரண்டாவதில் ஒரு முறை வாங்க வேண்டும். மூன்றாவதில் மேலே ஒன்றுகள் இடத்தில் பூஜ்யம் இருக்கிறது. நான்காவதில் பூஜ்யத்தைத் தாண்டிப் போய் வாங்க வேண்டும். சரியாகப் போட்டவர்கள் முறையே 36, 25, 21, 9 பேர். மூன்றாம் வகுப்பிலேயே தீர்ந்திருக்க வேண்டிய கணக்குகள் இவை.

இதற்கு மேல்தான் விஷயமே இருக்கிறது. 502 − 178 தப்பாகப் போட்ட 29 பேரின் விடைகளைப் பிரித்துப் பார்த்தேன். 14 பேர் 476 எழுதியிருந்தார்கள். 2-லிருந்து 8 போகாது என்பதால் 8-லிருந்து 2, 7-லிருந்து 0 என்று ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்கள். 6 பேர் 334. இவர்களுக்குக் கடன் வாங்கத் தெரியும், ஆனால் நடுவில் உள்ள பூஜ்யத்தைப் 10 ஆக்கியவர்கள், அதிலிருந்து ஒன்றுகளுக்கு ஒரு பத்து கொடுத்த பிறகு அதை 9 ஆக்க மறந்துவிட்டார்கள். 4 பேர் 234. பூஜ்யத்தைக் கண்டதும் தாண்டிப் போய் நூறிலிருந்து நேராக ஒன்றுகளுக்கு எடுத்து, பிறகு பத்துகளுக்கு இன்னொரு முறை நூறிலிருந்து எடுத்திருக்கிறார்கள். மீதி 5 பேருடையது கவனக்குறைவு, எந்த ஒழுங்கிலும் சேராது. சரியான விடை 324.

கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தவறு கண்டபடி வருவதில்லை, தப்பான ஒரு விதியை அவர்கள் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்று 1978-லேயே ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்டு பர்ட்டனும் விரிவாக எழுதினார்கள். பட்டறையில் அதைக் கேட்டபோது தலையாட்டினேன். 14 தாள்களில் ஒரே 476-ஐப் பார்த்தபோதுதான் உறைத்தது. அறிக்கையின் முதல் பத்தி இதுவாக இருக்கட்டும்.

பிள்ளைகளுக்குத் தெரியலைன்னு நாமளே எழுதிக் கொடுத்தா, நாளைக்கு நம்ம தலையிலயே விடியாதுங்களா?

நியாயமான பயம்தான். ஒரு பள்ளியில் என் தோழி ஒருத்தி இப்படி எழுதிக் கொடுத்ததை ஆண்டு இறுதி மதிப்பீட்டில் அவளுக்கு எதிராகவே எடுத்து வைத்தார்கள். உங்கள் நிர்வாகம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நான் இரண்டு விஷயங்களில் கவனமாக இருப்பேன். ஒன்று, பிள்ளைகள் பெயரும் போன வருட டீச்சர் பெயரும் எங்கேயும் வராது. இன்னொன்று, '29 பேருக்குத் தெரியவில்லை' என்று நிறுத்திவிட மாட்டேன். '14 பேர் இந்த இடத்தில் நிற்கிறார்கள், அதற்கு இதைச் செய்யப் போகிறேன், ஆகஸ்ட் மூன்றாம் வாரம் இதே நான்கு வகைக் கணக்கை வேறு எண்களில் கொடுத்துப் பார்ப்பேன்' என்று ஒரே மூச்சில் முடிப்பேன். என்ன செய்யப் போகிறோம் என்பதும் கூடவே இருந்தால் அதைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும்.

சரி, மாற்றத்தை எப்படி எழுதினீங்க? அந்தப் பகுதியை மட்டும் காட்டுங்க.

என் அறிக்கையில் இருந்தது இதுதான்:

> முதல் இரண்டு வாரம்: ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி இரண்டு இலக்கக் கழித்தல். குச்சி போதாதபோது ஒரு கட்டைப் பிள்ளைகளே பிரிப்பார்கள். நோட்டில் எழுத்து இல்லை.
>
> மூன்று, நான்காம் வாரம்: நூறு, பத்து, ஒன்று அட்டைகளைக் கொண்டு மூன்று இலக்கக் கழித்தல். ஒரு நூறு அட்டையைக் கொடுத்துப் பத்து 'பத்து' அட்டைகளை வாங்குவார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் சிலேட்டில் எண்ணாக எழுதுவார்கள்.
>
> ஐந்து, ஆறாம் வாரம்: அட்டைக்குப் பதில் படம் வரைந்து, பிறகு எண் மட்டும். பூஜ்யம் உள்ள கணக்குகள் இங்கே அதிகம்.
>
> 'கடன் வாங்குதல்' என்ற சொல்லுக்குப் பதில் வகுப்பில் 'சில்லறை மாற்றுதல்' என்று சொல்லப்படும்.

கடைசி வரிக்குக் காரணம் கேட்டார்கள். கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும் இல்லையா? இந்தக் கணக்கில் யாரும் எதையும் திருப்புவதில்லை. சில்லறை மாற்றினால் கையில் இருக்கும் தொகை குறையாது, நோட்டு மட்டும் மாறும். 502 ரூபாயை நாலு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒற்றை ரூபாயாக வைத்திருந்தாலும் அது 502-தான் என்பது சந்தைக்குப் போய் வரும் பிள்ளைக்குச் சட்டென்று புரியும். 334 எழுதிய ஆறு பேரும் தவறவிட்டது அந்த ஒன்பதைத்தான்.

பொருள் எவ்வளவு கேட்கலாம்? குத்துமதிப்பா ஒரு தொகை போட்டாப் போதுமா?

குத்துமதிப்பாகப் போட்டால் அப்படியே பாதியாகக் குறைப்பார்கள். கணக்கோடு போட்டால் குறைக்க இடம் இருக்காது. என் வகுப்பில் 38 பேர். நாலு பேர் குழு ஏழு, ஐந்து பேர் குழு இரண்டு, ஆக 9 குழுக்கள். இங்கிருந்துதான் எல்லாக் கணக்கும் வரும்.

ஈர்க்குச்சி ஒரு குழுவுக்கு 100, மொத்தம் 900. ஓர் ஈர்க்கை விரல் நீளத்துக்கு உடைத்தால் ஐந்தாறு துண்டு கிடைக்கும். தென்னந்தோப்பு இருக்கும் ஊரில் இதற்குச் செலவு கிடையாது, ஒரு புதுச் சீமாறைப் பிரித்தாலே தாராளம். நுனியை மட்டும் கிள்ளி எறிந்துவிடுங்கள், கண்ணில் குத்தும்.

அட்டைகளில்தான் எல்லோரும் அதிகமாகக் கேட்டுவிடுகிறார்கள். ஒரு குழுவுக்கு நூறு அட்டை 9, பத்து அட்டை 20, ஒன்று 20 இருந்தால் மூன்று இலக்கக் கணக்கு எதையும் போடலாம். நூறு அட்டை 10 செ.மீ. சதுரம், பத்து அட்டை 10 × 1 செ.மீ. பட்டை, ஒன்று 1 செ.மீ. சதுரம். கடையில் கிடைக்கும் சார்ட் சுமார் 56 × 71 செ.மீ., அதில் 10 செ.மீ. சதுரம் 35 விழும். மூன்று சார்ட்டில் 105. நூறு அட்டைக்கு 81, பட்டைகளுக்கு 18, ஒன்றுகளுக்கு 2, ஆக 101 சதுரம். மூன்று சார்ட்டுக்குள் அடங்கிவிட்டது. பட்டையிலும் நூறு அட்டையிலும் கட்டக் கோடு போட மறக்க வேண்டாம். கோடு இல்லாவிட்டால் பத்துக்குள் பத்து ஒன்று இருப்பது தெரியாது, வெறும் நிற அட்டையாகிவிடும்.

சார்ட் மெலிசு. நூறு அட்டைகளைப் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் ஒட்டினோம். நம்ம பக்கத்துப் பத்திரிகை கனத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஒரு செ.மீ. ஒன்றுகளை மட்டும் எதில் ஒட்டியும் பலனில்லை. முதல் நாளே ஃபேன் போட்டதும் பறந்து, "மிஸ், எங்க ஒண்ணு ஓடிப்போயிருச்சுங்" என்று நாலு குழுவிலிருந்து குரல். அப்புறம் புளியங்கொட்டைக்கு மாறினோம்.

மொத்தத் தொகை இப்படி வந்தது. சார்ட் 30 ரூபாய், ஜிப் கவர் 50, ரப்பர் பேண்ட் 40, சிலேட்டு ஒன்று 45 வீதம் 38-க்கு 1,710, இரண்டு முறை வினாத்தாள் ஜெராக்ஸ் 152. ஆக 1,982 ரூபாய். விலையெல்லாம் நான் எங்கள் கடைவீதியில் விசாரித்தது, உங்கள் ஊரில் கேட்டுப் போடுங்கள்.

பட்டறையில ஒரு கிட் காட்டினாங்க, அழகா இருந்தது. அதையே வாங்கித் தரச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் கேட்பதற்கு முன்னால் இருப்புப் பதிவேட்டை ஒரு முறை புரட்டுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் எப்போதோ வாங்கிய கணக்குப் பெட்டி ஒன்று பீரோவுக்குள் பூட்டியே இருக்கும். அது இருக்கும்போது புதிது கேட்டால் நிர்வாகம் முதலில் எடுத்து நீட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான்.

எனக்கே அப்படி ஆயிற்று. 38 சிலேட்டு கேட்டேன். பதிவேட்டில் 14 சிலேட்டு இருப்பதாக அலுவலக அம்மா சொன்னார். தேடினால் நூலக அலமாரிக்கு மேலே தூசியோடு இருந்தன. 24 போதும் என்றானது, தொகை 1,352-க்கு இறங்கியது. தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான்தான் சிரிக்கவில்லை.

நான் பணமே கேட்கலைங்க. அப்படியும் 'பார்க்கலாம்'னு சொல்லி வெச்சுட்டாங்க. ஏன்?

அநேகமாக நேரம் கேட்டிருப்பீர்கள். பள்ளியில் பணத்தைவிடக் கிடைப்பதற்கு அரிது நேரம்தான். 1,352 ரூபாய்க்குத் தாளாளர் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஒரு பாடவேளையை நகர்த்த மூன்று டீச்சர்களின் வாரம் கலைய வேண்டும். அறிக்கைகள் அதிகமாகத் தேங்கி நிற்பது இங்கேதான், எழுதுகிறவர்கள் அதிகம் அசட்டையாக இருப்பதும் இங்கேதான்.

என் தேவை, செவ்வாயும் வியாழனும் இரண்டு கணக்குப் பாடவேளைகள் அடுத்தடுத்து வர வேண்டும் என்பது. 40 நிமிடத்தில் அட்டையைப் பிரித்துக் கொடுக்கவும் திரும்ப எண்ணி வாங்கவும் 15 நிமிடம் போய்விடும். 80 நிமிடம் சேர்ந்து கிடைத்தால் அந்தப் 15 ஒரு முறைதான் போகும். வாரத்துக்கு எனக்குள்ள ஏழு பாடவேளை ஏழாகவே இருக்கும், இடம் மட்டும் மாறும். 'கூடுதல் நேரம் வேண்டும்' என்று எழுதியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். 'எண்ணிக்கை கூடாது' என்ற ஒரு வரியைச் சேர்த்ததால்தான் பேச்சுக்கே வந்தது.

அதற்கு மேல், யாருடைய பாடவேளையோடு மாற்றிக்கொள்வது என்பதை நானே பேசி முடித்துவிட்டுத்தான் எழுதினேன். செவ்வாய்க்கிழமை நாலாம் பாடவேளை பி.டி. சாருடையது. "உங்க நாலாவதை எனக்குக் கொடுங்க சார், என் ஏழாவதை எடுத்துக்கோங்க" என்றேன். மதிய வெயிலில் மைதானமா என்று யோசித்தார். ஏழாவது என்றால் மூன்று மணிக்கு மேல்தான், நிழல் விழுந்துவிடும் என்று ஒத்துக்கொண்டார். வியாழனுக்குச் சூழ்நிலையியல் டீச்சர். இரண்டு பேரும் சம்மதக் கையெழுத்துப் போட்ட தாளை இணைத்தேன். தலைமையாசிரியருக்கு மிஞ்சியது சரி என்று சொல்வது மட்டும்தான்.

அட்டை வெட்டும் நேரத்தையும் தேவையில் எழுதுங்கள். எங்களுக்கு ஒரு சனிக்கிழமை அரை நாளில் மூன்று டீச்சர்கள் தேவைப்பட்டோம். எழுதாமல் விட்டால் அது உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையாகிவிடும்.

ஆறு வாரம் இதையே பண்ணினா போர்ஷன் என்னாகும்? முதல் கேள்வியே அதானுங்களே வரும்.

வரும். அதனால் கேட்பதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். ஆறு வாரத்தில் 42 பாடவேளை. இணைத்த பாடவேளைகளில் 24 போய்விடும். மீதி 18-ல் வழக்கமான பாடம் நடக்கும். அந்த 18-ல் எது அடங்கும், எது அடங்காது என்று பாடப்பெயரோடு எழுதினேன். அடங்காதது 'நேரம்' பாடம். அதை ஆகஸ்ட் மாதத் தேர்வில் சேர்க்க வேண்டாம், செப்டம்பர் முதல் வாரம் முடித்து காலாண்டுக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கேட்டேன்.

இது பொருளோ பணமோ அல்ல, ஓர் அனுமதி. ஆனாலும் 'தேவைகள்' தலைப்பின் கீழேயே இதை வையுங்கள். வாய்ப்பேச்சில் வாங்கிய அனுமதி மாதத் தேர்வு வினாத்தாள் தயாராகும்போது யாருக்கும் நினைவிருக்காது.

நாள் எண்ணும்போது நம்ம ஊர் நாட்காட்டியையும் பாருங்கள். ஜூலையில் தொடங்கினால் நடுவில் ஆடி நோம்பியும் ஆடிப் பதினெட்டும் வரும். பவானிக் கரைப் பிள்ளைகள் அன்றைக்குப் பள்ளியில் பாதிப்பேர்தான் இருப்பார்கள். அந்த வாரம் குச்சியிலிருந்து அட்டைக்கு மாறாதீர்கள். மாறும் நாளன்று வராத பிள்ளை அப்புறம் இரண்டு வாரம் தடுமாறும்.

பக்கத்து வகுப்பு டீச்சர் சத்தம்னு சண்டைக்கு வந்தா?

வருவார். 'செவ்வாய், வியாழன் மூன்றாம் நான்காம் பாடவேளையில் சத்தம் இருக்கும்' என்று அறிக்கையிலேயே ஒரு வரி போடுங்கள். எனக்கு அந்த நேரத்துக்குக் கலையரங்க மேடையைக் கொடுத்தார்கள். மேடையில் ஃபேனும் இல்லை, வசதியாகப் போயிற்று.

மில் வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்க நாலஞ்சு பேர் இருக்காங்க, தமிழே சரியா வராது. அவங்களைத் தனியா எழுதணுமா?

எழுதுங்கள், ஆனால் பிழையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். என் வகுப்பில் வீட்டில் இந்தி பேசும் பிள்ளைகள் மூவர். நாலு கணக்குத் தாளில் அவர்கள் மற்றவர்களைவிட மோசமில்லை, எண்ணாக எழுதியதற்கு மொழி தடையில்லை. வாயால் எண்ணைச் சொல்லி எழுதச் சொன்னபோதுதான் திணறினார்கள். அதனால் அவர்களுக்கென்று நான் கேட்டது எண்ணும் தமிழ்ப் பெயரும் எழுதிய ஒரு சுவர்த்தாள் மட்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுவர்த்தாள் அதிகம் உதவியது தமிழ்ப் பிள்ளைகளுக்கு. 52-ஐ ஐம்பத்திரண்டு என்கிறோம், ஐந்து பத்து, இரண்டு என்று பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால் 90-க்கு வரும்போது தொண்ணூறு. காதில் 'நூறு' விழுகிறது. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' விழுகிறது. தொண்ணூற்றெட்டு எழுதச் சொன்னால் 908 எழுதும் பிள்ளை அலட்சியத்தால் எழுதவில்லை, கேட்டதை எழுதுகிறது. இதை முதல் வாரத்திலேயே தனியாக எடுத்துவிட்டால் பிறகு கழித்தலில் குழப்பம் குறையும்.

நோட்டுல ஒண்ணும் எழுதலைன்னு பெத்தவங்க வந்து கேட்டா யார் பதில் சொல்றது?

முதல் இரண்டு வாரம் நோட்டு காலியாகத்தான் இருக்கும். கட்டணம் கட்டுகிறவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். டைரியில் ஒட்ட ஐந்து வரிக் குறிப்பு ஒன்றை எழுதி, அதையும் அறிக்கையோடு வைத்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அதில் ஒரு நகல் கொடுங்கள். பெற்றோர் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

வீட்டுப்பாடமாக 100 ரூபாய்க்குச் சில்லறை மாற்றி எண்ணி வரச் சொன்னதும் ஒரு பாட்டி நேரில் வந்தார். "கண்ணு வந்து சில்லறை கேக்குதுங் மிஸ், நெசமாலுமே ஸ்கூல்ல கேட்டீங்களா?" என்றார். குறிப்பை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

பட்டறையில சொன்னதுல எனக்கே உடன்பாடில்லாதது இருந்தா?

எழுதலாம், காரணத்தோடு. விதிமுறையைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். 38 பேர் வகுப்பில் அது என்னால் ஆகாது என்று தோன்றியது. நான்காம் வாரக் கடைசியில் எழுதும் முறையை நான் பலகையில் போட்டுக் காட்டுவேன் என்றே எழுதினேன். அனுப்பி வைத்த நிர்வாகத்துக்கு நீங்கள் யோசித்திருக்கிறீர்கள் என்பது தெரிவதில் நட்டமில்லை. பட்டறை நடத்தியவர்களைக் கேலி செய்யாமல் எழுதினால் போதும்.

ஆறு வாரம் கழிச்சுப் பார்த்தா பெருசா ஒண்ணும் மாறலைன்னா என்ன எழுதறது?

பிழைகளை மறுபடியும் பிரித்து எழுதுங்கள். மொத்தத்தை மட்டும் பார்த்தால் சில சமயம் ஏமாந்துவிடுவோம். நான் கடைசியில் கொடுத்தது 603 − 257. சரியான விடை 346. ஜூலையில் இந்த வகைக் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் 9, இப்போது 20. பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 'இதுக்கா ஆறு வாரம்?' என்று யாரும் கேட்கலாம்.

பிரித்துப் பார்த்தால் வேறு கதை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 454 எழுதியவர்கள் 3 பேர்தான், முன்பு அந்த வகையில் 14. பூஜ்யத்தைப் பத்தாக்கிவிட்டு ஒன்பதாக்க மறந்து 356 எழுதியவர்கள் 6-லிருந்து 10 ஆகிவிட்டார்கள். பூஜ்யத்தைத் தாண்டிப் போனவர்கள் 2, ஒழுங்கில் சேராதவை 3. ஒரு வகைப் பிழை கூடியிருப்பது பார்க்க மோசமாகத் தெரியும். தாள்களை ஒப்பிட்டால், ஜூலையில் சில்லறை மாற்றவே தெரியாதவர்களில் ஆறு பேர் இப்போது மாற்றக் கற்றுக்கொண்டு அடுத்த படியில் தவறுகிறார்கள்.

இரண்டாம் அறிக்கையை ஒரே பக்கத்தில் எழுதினேன். இந்த எண்கள், காரணம், அப்புறம் ஒரே ஒரு தேவை: வியாழக்கிழமை இணைப்பை மட்டும் இன்னும் மூன்று வாரம் நீட்டித் தர வேண்டும், செவ்வாயைப் பி.டி. சாருக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். தலைமையாசிரியர் படித்துவிட்டு, "பணம் ஒண்ணும் கேக்கலையே?" என்றார். புளியங்கொட்டை கொஞ்சம் குறைகிறது என்றேன்.